நண்பரிடம் கொடுத்த கடனைக் கேட்கும் செய்தியை எழுதுவது எப்படி?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப அமர்வில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய அமர்வில் ஒரே ஒரு சிறிய வேலையைப் பற்றிப் பேசப் போகிறோம். நண்பருக்குக் கொடுத்த கைமாற்றுப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதுவது. பத்து வரிதான். ஆனால் அந்தப் பத்து வரியை எழுதத் தெரியாமல் வருடக்கணக்கில் மனம் புழுங்கியவர்களையும், ஒரு நாள் கோபத்தில் எழுதி முப்பது வருட நட்பை முறித்துக்கொண்டவர்களையும் நம் மஹல்லாவிலேயே பார்த்திருக்கிறோம்.

2025 மே மாத நடுவில், லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். தையல் கடை வைத்திருப்பவர். மகள் பொறியியல் கல்லூரியில் முதல் ஆண்டை முடித்திருந்தார். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 48,000 ரூபாய். ஜூன் 30-க்குள் கட்ட வேண்டும். அறக்கட்டளையின் கல்வி உதவி கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார். இதுவரை யாரிடமும் கை நீட்டாதவர் என்பதால், விண்ணப்பப் படிவத்தை வாங்கும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

விண்ணப்பத்தில் வழக்கமாக நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வெளியிலிருந்து உங்களுக்கு வர வேண்டிய பணம் ஏதாவது இருக்கிறதா?" அந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கு. ஆனா அதைக் கேட்க முடியாது. கூடப் படிச்சவன்" என்றார்.

நண்பர் செல்போன் கடை தொடங்கியபோது அட்வான்ஸுக்காகக் கொடுத்த பணம். அதில் பெரும்பகுதி இன்னும் வரவில்லை. அதைக் கேட்க வெட்கப்பட்டு, அதே தொகைக்கு நம்மிடம் உதவி கேட்டு வந்திருக்கிறார். நண்பரிடம் கேட்பதைவிட அறக்கட்டளையிடம் கேட்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. இதை அவருடைய அனுமதியோடுதான் இங்கே சொல்கிறோம். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டோம்.

"நீங்கள் கேட்கவே இல்லையா?" என்றோம். "கேட்டேனே, மூணு தடவை" என்று போனை எடுத்துக் காட்டினார். மூன்று செய்திகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தன. அவற்றில் ஒன்று இது:

"ஸலாம் மச்சான். எப்படி இருக்க? வீட்ல எல்லாரும் சுகமா? அந்த விஷயத்தை உனக்கு முடியறப்ப கொஞ்சம் பாரு. அவசரம் ஒண்ணும் இல்ல. துஆ செய்."

அதற்கு வந்த பதில்: "வஅலைக்கும் ஸலாம் மச்சான். இன்ஷா அல்லாஹ்." அதோடு ஒரு கை கூப்பும் படம்.

சகோதரர்களே, அந்தச் செய்தியை அதை வாங்கியவர் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். 'அந்த விஷயம்' என்றால் என்ன என்று அவர் யோசிக்க வேண்டும். எவ்வளவு என்று அதில் இல்லை. எப்போது என்று இல்லை. 'முடியறப்ப' என்று இருக்கிறது. முடியும் நாள் யாருக்கும் தானாக வருவதில்லை. கடைசியில் 'அவசரம் இல்ல' என்று கொடுத்தவரே சொல்லிவிட்டார். அதை அவர் அப்படியே நம்பிவிட்டார். கேட்டவர் மூன்று முறை கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். வாங்கியவருக்கோ மூன்று முறை அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எழுதிய சொற்கள்தான் அப்படி.

இன்னொரு செய்தியும் அந்தப் போனில் இருந்தது. எழுதி வைத்து அனுப்பாமல் விட்டது. நண்பர் புது பைக் வாங்கிய படத்தை ஸ்டேட்டஸில் பார்த்த இரவு எழுதியதாம். "பைக் வாங்கத் தெரியுது, வாங்கின பணத்தைக் கொடுக்கத் தெரியலையா? ரெண்டு வருஷமா என்னை என்னன்னு நினைச்ச? மறுமையில அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும், ஞாபகம் வச்சுக்க" என்று போனது அது. அல்லாஹ் காப்பாற்றினான், அனுப்பவில்லை. இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு கோபமாக எழுதிய செய்தியிலும் தொகை இல்லை, தேதி இல்லை. மென்மையாக எழுதினாலும் காரமாக எழுதினாலும், இரண்டு வகையிலும் விட்டுப்போவது அந்த இரண்டுதான்.

அன்றைக்கு அவரிடம் நாங்கள் சொன்னது இதுதான். அன்பு வேண்டும், அதைச் செய்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் வையுங்கள். தொகையின் மீதும் தேதியின் மீதும் அன்பைப் பூசாதீர்கள். பூசினால் அவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமக்குக் கட்டளையே இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அது கடனை எழுதுவதைப் பற்றியது. சிறிய தொகை என்றும் பெரிய தொகை என்றும் பார்த்துச் சோம்பல் படாமல், தவணையோடு சேர்த்து எழுதச் சொல்கிறது. தவணை என்பது கெடு நாள். இந்தச் சகோதரர் பணம் கொடுத்த அன்று எழுதவில்லை. "நமக்குள்ள என்ன எழுத்து" என்று விட்டுவிட்டார். அன்று விட்டதை இன்றைய செய்தியாவது கொஞ்சம் ஈடுகட்ட வேண்டும்.

எழுதுவதற்கு முன்னால் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னோம். "அம்பதுக்குப் பக்கம் வரும்" என்றார். பக்கம் என்பது கணக்கு இல்லை. பாஸ்புக்கையும் போனில் உள்ள பணப் பரிமாற்ற விவரத்தையும் எடுத்துவரச் சொன்னோம். மறுநாள் கொண்டுவந்தார். 2023 மார்ச் 12 அன்று வங்கி வழியாக 45,000 போயிருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் கடைக்குச் சரக்கு எடுக்க 15,000 ரொக்கமாகக் கையில் கொடுத்திருக்கிறார். அதற்குச் சாட்சி அவருடைய மனைவியின் ஞாபகம் மட்டும்தான். 2024 ஜனவரியில் நண்பர் 10,000 திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆக 60,000-த்தில் 10,000 போக மீதி 50,000.

இந்தக் கணக்கைப் பார்க்கும் வரை அந்த 10,000 வந்ததையே அவர் மறந்திருந்தார். மறந்தபடியே கேட்டிருந்தால், நேர்மையாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்த மனிதரைப் பொய்யராக்கியிருப்பார். கணக்குப் பார்ப்பது நம் உரிமையைக் காப்பதற்கு மட்டும் இல்லை, அவருடைய உரிமையைக் காப்பதற்கும்தான்.

அடுத்தது தேதி. கட்டணம் கட்டக் கடைசி நாள் ஜூன் 30. அதையே கெடுவாகச் சொன்னால், ஒரு நாள் தாமதமானாலும் மகளுக்கு அபராதம் விழும். கொடுக்க வேண்டியவருக்கும் ஏற்பாடு செய்ய நாள் வேண்டும். இரண்டையும் பார்த்து ஜூன் 20 என்று வைத்தோம். செய்தி மே 25 அன்று போனால் அவருக்கு ஏறத்தாழ நான்கு வாரம் கிடைக்கும். இடையில் ஜூன் 7 ஹஜ்ஜுப் பெருநாள், வீட்டில் செலவு இருக்கும். அது முடிந்து இரண்டு வாரம்போல இடைவெளி வருகிறது.

"பெருநாள் கழிச்சுன்னு போட்டா போதாதா?" என்று கேட்டார். போதாது. பெருநாள் கழித்து என்றால் மறுநாளும்தான், மூன்று மாதம் கழித்தும்தான். 'மாசக் கடைசி' என்பதும் அப்படித்தான். ஒருவருக்கு அது 28, இன்னொருவருக்குச் சம்பளம் வந்த பிறகு 5-ஆம் தேதி. 'வர்ற வெள்ளி' என்றால் நாளை மறுநாளா, அடுத்த வாரமா என்பதிலேயே நம் வீடுகளில் வாக்குவாதம் வரும். அதனால் தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்று தவறாக விழுந்தால் மற்றது காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதச் சொன்னோம். முதலில் அவர் எழுதிய வரி இது: "முடிஞ்சா ஒரு அம்பது மாதிரி ஜூன் 20 வாக்குல கிடைச்சா நல்லா இருக்கும்." கணக்கெல்லாம் பார்த்த பிறகும் கை பழைய வழியிலேயே போகிறது. அந்த ஒரு வரியில் நான்கு இடத்தில் கோடு போட்டோம். 'முடிஞ்சா' என்பது கேட்பதை விருப்பமாக்கிவிடுகிறது. 'மாதிரி' தொகையைக் கலைக்கிறது. 'வாக்குல' தேதியைக் கலைக்கிறது. 'கிடைச்சா நல்லா இருக்கும்' என்பது ஆசை, கேள்வி இல்லை. பேச்சில் இந்தச் சொற்கள் நமக்கு மரியாதைச் சொற்கள். கடன் கேட்கும் வரியில் மட்டும் இவை இருக்கக் கூடாது.

'தப்பா நினைச்சுக்காத', 'கேட்கவே கஷ்டமா இருக்கு' என்ற இரண்டு வரிகளையும் எடுக்கச் சொன்னோம். நம் பணத்தைக் கேட்பதற்கு நாமே மன்னிப்புக் கேட்டால், கேட்பது தவறு என்று இருவரும் ஒத்துக்கொண்டதாகிவிடும். பைக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம் என்றோம். அவர் அதைத் தவணையில் வாங்கினாரா, மாமனார் வாங்கிக் கொடுத்தாரா, நமக்குத் தெரியாது. அதைச் சொன்னால் பேச்சு பைக்கைப் பற்றியதாகிவிடும், கடன் ஓரமாகிவிடும். மறுமையைப் பற்றிய எச்சரிக்கையும் வேண்டாம். அது உண்மைதான். ஆனால் தொகையையும் தேதியையும் தெளிவாக ஒரு முறைகூடக் கேட்காதவர் அதைச் சொல்வது நியாயம் இல்லை.

மூன்று முறை திருத்திய பிறகு செய்தி இப்படி வந்தது:

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேள்விப்பட்டேன், அல்ஹம்துலில்லாஹ். இந்த வாரம் வந்து பார்க்கிறேன்.

உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். மகளுக்கு ரெண்டாம் வருஷ ஃபீஸ் ஜூன் 30-க்குள்ள கட்டணும். அதுக்கு, நான் உனக்குக் கொடுத்த பணம் வேணும்.

2023 மார்ச் 12-ல பேங்க்ல போட்டது 45,000. அந்த ஜூன்ல சரக்குக்குக் கையில கொடுத்தது 15,000. மொத்தம் 60,000. 2024 ஜனவரியில நீ அனுப்பினது 10,000. மீதி 50,000 ரூபாய் (ஐம்பதாயிரம்).

இதை ஜூன் 20 வெள்ளிக்கிழமைக்குள்ள என் பழைய ஜிபே நம்பருக்கே அனுப்பிடு.

கணக்குல ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா சொல்லு, உட்கார்ந்து பார்த்துக்கலாம். முழுசா முடியாதுன்னா ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லிடு. 20-ஆம் தேதி எவ்வளவு, மீதி எந்தத் தேதின்னு சொன்னா, நானும் அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிறேன்.

உன் பதிலுக்காகப் பார்த்துக்கிட்டிருக்கேன். வஸ்ஸலாம்."

இதில் சில இடங்களை மட்டும் விளக்கிச் சொல்கிறோம்.

தொடக்கத்தில் நலம் விசாரிப்பது எல்லாருக்கும் எழுதும் பொது விசாரிப்பாக இல்லை. அந்த வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றைப் பற்றி இருக்கிறது. வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், போய்ப் பார்த்தும் வந்தார். போகும் எண்ணம் இல்லாவிட்டால் அந்த வரியை எழுதக் கூடாது. பணம் கேட்பதற்காகத்தான் தாயாரை விசாரித்தான் என்று ஆகிவிடும். ஆனால் விசாரிப்பு மூன்று வரிக்கு மேல் போகவும் கூடாது. நீண்டால் படிப்பவர் கீழே உள்ள விஷயத்துக்கு வரும் முன்பே பதில் எழுதத் தொடங்கிவிடுவார்.

காரணம் ஒரே வரியில் இருக்கிறது. நம் பணத்தைக் கேட்கக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் உண்மையான காரணம் இருந்தால் சொல்வது நண்பருக்கு உதவும். தன் மீது நம்பிக்கை இழந்து கேட்கவில்லை, தேவை வந்ததால் கேட்கிறான் என்று அவருக்குப் புரியும். இல்லாத காரணத்தை மட்டும் உண்டாக்கிவிடாதீர்கள். ஊருக்குள் அது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருக்கிறார். போனில் தட்டும்போது ஒரு பூஜ்யம் விடுபடுவது எளிது. 'ஐம்பதாயிரம்' என்று எழுத்திலும் இருந்தால் அந்தக் குழப்பம் வராது. நண்பர் திருப்பிக் கொடுத்த 10,000-த்தையும் அவரே சொல்லியிருக்கிறார். எல்லா வரிகளிலும் அன்பான வரி அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். 'நீ கொடுத்ததை நான் மறக்கவில்லை' என்று அது சொல்கிறது.

பணம் வர வேண்டிய வழியையும் சொல்லியிருக்கிறார். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனை ரொக்கமாக வாங்குவதையும் திருப்புவதையும் வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வங்கி வழியாக வந்தால் இரு பக்கமும் கணக்கும் நிற்கும். உங்கள் எண் மாறியிருந்தால், புதிய எண்ணைச் செய்தியில் போடும் முன் போன் செய்து உங்கள் குரலில் சொல்லுங்கள். நண்பர் பெயரில் பணம் கேட்டு ஏமாற்றும் செய்திகள் நிறைய வரும் காலம் இது.

இனி, கடைசிப் பகுதி. முழுசா முடியாதுன்னா என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்கும் ஒரு தேதி இருக்கிறது. அங்கேயும் எவ்வளவு, எப்போது என்றுதான் கேட்கிறது. இந்த வாசல் இல்லாவிட்டால், முழுத் தொகை கையில் இல்லாதவர் பதிலே சொல்லாமல் ஒளிந்துகொள்வார். கடன் வாங்கியவர் ஒளிவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை. சொல்ல ஒரு வழி இல்லாததால்தான்.

தாமதத்துக்காக எதையும் சேர்த்துக் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள். "இவ்வளவு நாள் வச்சிருந்த, ஏதாவது போட்டுக் கொடு" என்று விளையாட்டாகக்கூட எழுதக் கூடாது. கொடுத்தது 60,000 என்றால் வர வேண்டியதும் 60,000 மட்டும்தான். அதற்கு மேல் கேட்பது வட்டியின் வாசல்.

அனுப்பும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மே 25 ஞாயிறு, கடை அடைக்கும் நேரம் கழித்து, இஷாவுக்குப் பிறகு அனுப்பினார். குரல் பதிவாக இல்லை, எழுத்தாக. குரல் பதிவைப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டுவிடுவார்கள். பிறகு தேதியைத் தேட வேண்டுமானால் முழுவதையும் மறுபடி ஓட்டிக் கேட்க வேண்டும். கூடப் படித்தவர்கள் இருக்கும் குழுவில் போடாமல் தனியாக அனுப்பினார். குழுவில் ஒருவருடைய கடனைப் பேசுவது அவருடைய மானத்தில் கை வைப்பது. அனுப்பிய பிறகு நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு இரண்டாவது செய்தி அனுப்பக் கூடாது என்றும் சொல்லியிருந்தோம். ஜூன் 1 வரை காத்திருக்கலாமே. அதற்குத்தானே அந்தத் தேதி?

மறுநாள் இரவே பதில் வந்தது. "மச்சான், எனக்கு 35-ன்னு ஞாபகம். அந்த 15 சுத்தமா மறந்துட்டேன். இப்பதான் ஞாபகம் வருது, பெருநாள் சரக்குக்குக் கொடுத்த. நீ அவசரம் இல்லன்னு சொன்னதால நான் சீட்டு எடுத்ததும் தரலாம்னு இருந்தேன். 20-ஆம் தேதி 30 தரேன். மீதி கொஞ்சம் டைம் கொடு."

சாட்சி இல்லாத அந்த 15,000, செய்தியில் ஒரு வரியாக இருந்ததால் சண்டை இல்லாமல் தெளிந்துவிட்டது. மொத்தமாக '50,000 தா' என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் 35 என்றும் இவர் 50 என்றும் நின்றிருப்பார்கள்.

இங்கேதான் பலர் கை தளர்ந்துவிடுவார்கள். 'கொஞ்சம் டைம் கொடு' என்பதற்கு 'சரி மச்சான்' என்று பதில் போட்டால், மீதி 20,000 மறுபடி 'அந்த விஷயம்' ஆகிவிடும். இவரும் 'சரி மச்சான்' என்று தட்டத் தொடங்கி, பிறகு எங்களுக்குப் போன் செய்தார். இப்படிப் பதில் அனுப்பச் சொன்னோம்:

"ஜஸாகல்லாஹு கைர் மச்சான். அப்படியே வச்சுக்கலாம். ஜூன் 20 வெள்ளி 30,000. மீதி 20,000-த்தை ஜூலை 20 ஞாயிறு 10,000, ஆகஸ்ட் 20 புதன் 10,000-ன்னு பிரிச்சுக்கலாமா? சரின்னா ஒரு வார்த்தை போடு."

'சரி' என்று வந்தது. தொகையும் தேதியும் ஒருவர் எழுத, மற்றவர் ஒப்புக்கொண்ட எழுத்து அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர்களுக்குள் உண்டானது.

ஜூன் 18 அன்று ஒரு வரி நினைவூட்டல் போனது: "ஸலாம் மச்சான், வெள்ளிக்கிழமை 30,000, ஞாபகத்துக்கு." கெடு நாளுக்கு முன்னால் அனுப்புவது நினைவூட்டல். கெடு கடந்த பிறகு அனுப்பினால் அதே வரி குற்றச்சாட்டாகிவிடும். பணம் வெள்ளிக்கிழமை வரவில்லை, சனிக்கிழமை காலை வந்தது. ஜூன் 20 என்று வைத்து, பத்து நாள் கையில் வைத்திருந்ததால் அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. கட்டணத்துக்குக் குறைந்த 18,000-த்தை அறக்கட்டளை அழகிய கடனாகக் கொடுத்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் நண்பரிடமிருந்து வந்த பணத்தில் அதை அவர் நமக்குத் திருப்பிச் செலுத்திவிட்டார். 48,000 உதவி கேட்டு வந்தவருக்கு 18,000 கடன் போதுமானதாக இருந்தது. மீதித் தொகை வேறொரு பிள்ளையின் கட்டணத்துக்குப் போனது.

இப்போது, எல்லா இடத்திலும் இந்தச் செய்தி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வாங்கியவர் உண்மையாகவே முடியாத நிலையில் இருந்தால், உதாரணமாக வேலை போயிருக்கிறது, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்றால், இந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்லியும், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்றும் அதே அல்பகராவின் 280-ஆம் வசனம் நமக்கு வழிகாட்டுகிறது. அப்போதும் மௌனமாக இருக்காதீர்கள். "டிசம்பர் வரை இதைப் பற்றி நினைக்காதே, ஜனவரியில் பேசிக்கொள்வோம்" என்று எழுதுங்கள். அல்லது முழுவதையும் விட்டுவிட முடிவு செய்திருந்தால், "அந்த 50,000-த்தை நான் அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன், உன் மேல் கடன் இல்லை" என்று எழுதுங்கள். மனதுக்குள் விட்டுவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தால், அவர் உங்களைப் பார்த்தால் தெரு மாறிப் போவார். கேட்பது எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டுமோ, விடுவதும் அவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும்.

வசதி இருந்தும் வேண்டுமென்றே இழுப்பவர் வேறு. வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தெளிவான செய்திக்கும், கெடு கடந்த பின் அனுப்பும் ஒரு செய்திக்கும் பதில் இல்லை என்றால், மூன்றாவது செய்தி எழுதிப் பயன் இல்லை. அவர் மதிக்கும் ஒருவரை, இருவருக்கும் பொதுவானவரை, நேரில் அழைத்துச் சென்று பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜமாஅத்தில் சொல்லுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள். கெடு குறிக்காமல் கொடுத்த கைமாற்றுக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தக் காலத்துக்குள் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பம் இட்டால், அந்த நாளிலிருந்து மீண்டும் 3 ஆண்டு கிடைக்கும். 'அவசரம் இல்ல' என்று வருடங்களைக் கடத்தும்போது இந்தக் கெடுவும் சேர்ந்தே ஓடுகிறது. அந்த நிலை வந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இங்கே கடன் வாங்கியவர்களும் உட்கார்ந்திருப்பீர்கள். நாம் எல்லாருமே ஏதோ ஒரு காலத்தில் வாங்கியவர்கள்தான். உங்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் 'இன்ஷா அல்லாஹ்' என்று மட்டும் பதில் போடாதீர்கள். இன்ஷா அல்லாஹ் என்பதோடு ஒரு தொகையையும் ஒரு தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இன்ஷா அல்லாஹ், 20-ஆம் தேதி 30,000" என்றால் அது வாக்குறுதி. தனியாக இன்ஷா அல்லாஹ் என்று நிறுத்திக்கொண்டால், அல்லாஹ்வின் பெயரைச் சாக்காக வைத்ததாகிவிடும்.

ஆகஸ்ட் 20 அன்று கடைசித் தவணை வந்தபோது அந்தச் சகோதரர் ஒரு செய்தி அனுப்பியதாக எங்களுக்குக் காட்டினார். "10,000 வந்துடுச்சு மச்சான். 60,000-மும் முழுசா முடிஞ்சது. இனி உன் மேல எனக்கு எந்தக் கடனும் இல்ல. மகள் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னா." இந்தச் செய்தியை நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. இதில் தொகையும் கணக்கு முடிந்த விவரமும் அவரே எழுதியிருந்தார்.

உங்களில் யாராவது இப்படி ஒரு செய்தி எழுத முடியாமல் தவித்தால், பாஸ்புக்கோடு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். யாருடைய பெயரும் வெளியே போகாது.

கொடுத்தவருடைய உரிமையையும் வாங்கியவருடைய மானத்தையும் காக்க அல்லாஹ் நமக்கு அருள் செய்வானாக. வஸ்ஸலாம்.